நாற்பது பேர், சிறிய அறை: இரைச்சல் எங்கிருந்து எழுகிறது, எங்கே கை வைப்பது

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சின்ன அறை, நாற்பது பிள்ளைகள், நெருக்கியடித்து உட்காருகிறார்கள். பாடவேளை முழுக்க ஒரே சத்தம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. அமைதி இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் நிறுத்த வேண்டியது உங்கள் கத்தலைத்தான். உங்கள் தொண்டையைக் காப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர்கள் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் எழுதினார்; அவருடைய பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. உங்கள் அறையில் நடப்பதும் இதுதான். மூன்றாவது பெஞ்சில் இருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அவர்களுக்கு மேலே குரலை உயர்த்துகிறீர்கள். இப்போது பக்கத்தில் இருப்பவன் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆகவே அவர்களும் ஒரு படி உயர்த்துகிறார்கள். சுவர்கள் அருகருகே இருக்கும் அறையில் ஒலி சிதறிப்போக இடமில்லாததால் இந்த ஏற்றம் இன்னும் விரைவாக நடக்கிறது. மேசையைத் தட்டுவதும் டஸ்டரால் பலகையை அடிப்பதும் அதே ஏணியில் இன்னும் இரண்டு படிகள்.

அடுத்ததாக, சத்தம் எந்த நேரத்தில் எழுகிறது என்று பாருங்கள். “பாடவேளை முழுக்க” என்றுதான் நமக்குத் தோன்றும். எழுதிப் பார்த்தால் அப்படி இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருவர் உங்களுடையதைப் போன்ற ஒரு வகுப்பால் சோர்ந்துபோய், பின்னால் வந்து உட்கார்ந்து பார்க்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் கடைசி பெஞ்சில் அமர்ந்து, 45 நிமிடப் பாடவேளையை ஒரு தாளில் நிமிடம் நிமிடமாகக் கோடு போட்டு, சத்தம் அதிகமான இடங்களில் புள்ளி வைத்தேன். அவர் “அமைதி” என்று சொன்ன ஒவ்வொரு முறைக்கும் ஒரு கீற்று. மணி அடித்ததும் கீற்றுகளை எண்ணினோம், 31 இருந்தன. “இத்தனை தடவையா சொன்னேன், அக்கா?” என்று அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் தாளில் பயன்பட்டது புள்ளிகள்தான். அவை பரவலாக இல்லை. நான்கு இடங்களில் குவிந்திருந்தன. உள்ளே வந்து உட்காரும் முதல் ஆறு நிமிடங்கள், திருத்திய நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த நேரம், விரைவாகக் கணக்கு முடித்தவர்கள் சும்மா இருந்த நேரம், குழுவாகப் பேசச் சொன்ன நேரம். அவர் பலகையில் ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்த பத்து நிமிடங்களில் ஏறக்குறைய எல்லாரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பிள்ளைகளின் குணத்தைவிட வேலைக்கும் வேலைக்கும் இடையில் விழுந்த இடைவெளிதான் அங்கே பேசியது. வகுப்பறை ஒழுங்கை நீண்ட காலம் ஆராய்ந்த ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே: அமைதியான வகுப்பின் ஆசிரியரும் இரைச்சலான வகுப்பின் ஆசிரியரும் தவறு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை, வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடையில்லாமல் நகர்த்துவதிலும்தான் வேறுபட்டார்கள். நீங்களும் ஒரு சக ஆசிரியரை இரண்டு பாடவேளை உட்காரச் சொல்லிப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால், பாடவேளை முடிந்தவுடன் எந்தெந்த நேரத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது என்று நான்கைந்து வரி எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் குவியல்கள் தெரிந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் எதுவும் நிலைக்காது.

அந்த ஆசிரியை நோட்டிலிருந்துதான் தொடங்கினார். அதுவரை ஒவ்வொரு பெயராக அழைத்துக் கொடுத்துவந்தார். ஒருவரை அழைத்து, அவர் எழுந்து, நெருக்கத்தில் மூவரைத் தாண்டி வந்து வாங்கிப்போக ஆறு வினாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் முப்பத்தொன்பது பேருக்கு வேலை இல்லை. மாற்றாகச் செய்தது இதுதான். நோட்டுகளை வாங்கும்போதே கடைசி பெஞ்சிலிருந்து முன்னுக்குக் கைமாற்ற வேண்டும். ஒவ்வொரு பெஞ்சும் தன் நோட்டுகளை வந்த அடுக்கின் மேல் வைத்து முன்னால் கொடுக்கும். நான்கு வரிசைக்கு நான்கு அடுக்கு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மேலே இருப்பது முதல் பெஞ்சின் நோட்டு, அடியில் கடைசி பெஞ்சு. திருத்தும்போது இந்த வரிசை குலையக் கூடாது. மேலிருந்து ஒன்றை எடுத்துத் திருத்தியதும் அதைக் குப்புறக் கவிழ்த்து அடுத்த அடுக்காக வைத்துக்கொண்டே போங்கள். முடிந்ததும் அடுக்கை மொத்தமாகப் புரட்டினால் பழைய வரிசை அப்படியே இருக்கும். மறுநாள் முதல் பெஞ்சில் அடுக்கை வைத்தால், மேலே உள்ள தங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் கொடுப்பார்கள். யாரும் எழுந்திருப்பதில்லை, யார் பெயரும் அழைக்கப்படுவதில்லை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வராத பிள்ளையின் நோட்டைப் பக்கத்தில் இருப்பவர் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் “இவன் வரல, டீச்சர்” என்ற குரல் நான்கு பக்கமிருந்தும் வரும்.

உள்ளே வரும் முதல் நிமிடங்களுக்கும் இதே நியாயம். அவர்கள் வருவதற்கு முன்பே பலகையில் மூன்று சிறிய கணக்குகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லாராலும் யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடியவையாக, நேற்றைய பாடத்திலிருந்தோ முந்தைய வகுப்பிலிருந்தோ எடுத்தவையாக இருக்க வேண்டும். கடினமான கணக்கைப் போட்டால் அதுவே “இது எப்படிடா?” என்ற பேச்சைக் கிளப்பும். நீங்கள் வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்து மெல்லிய குரலில் இரண்டு சொல் பேசி உள்ளே விடுங்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பெயர் கூப்பிடாமல், யார் இருக்கைகள் காலியாக உள்ளன என்று பார்த்து வருகைப் பதிவேட்டை முடித்துவிடலாம். எல்லாருக்கும் நிலையான இருக்கை இருந்தால்தான் இது நடக்கும்.

இருக்கை என்றதும் அறையின் அமைப்பைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் சிறிய அறையின் உண்மையான இடர் சதுர அடியைவிட ஆசிரியரால் நடக்க முடியாமையில் இருக்கிறது. பலகையின் முன்னாலேயே நின்றுவிட்ட ஆசிரியருக்குக் கடைசி பெஞ்சை எட்டும் ஒரே கருவி குரல்தான். அதனால்தான் குரல் உயர்கிறது. நாற்பது பேருக்கு இருவர் அமரும் பெஞ்சுகள் இருபது. நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து பெஞ்சு. பலரும் நான்கு வரிசைக்கும் இடையில் மூன்று சந்துகள் விடப் பார்ப்பார்கள்; இடம் போதாமல் மூன்றுமே ஆள் நுழைய முடியாதவையாகிவிடும். நடுவில் உள்ள இரண்டு வரிசைகளையும் ஒட்டிச் சேருங்கள்; ஓரத்து வரிசைகளை இரு பக்கச் சுவரோடும் ஒட்டுங்கள். இப்போது இரண்டே சந்துகள், ஆனால் இருபது பெஞ்சுகளில் ஒவ்வொன்றும் ஒரு சந்தைத் தொடுகிறது. எந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது. பெஞ்சின் நீளம் 1.1 மீட்டர் என்றால் நான்குக்கு 4.4 மீட்டர், அறையின் அகலம் 5.6 மீட்டராக இருந்தால்கூட இரு சந்துகளுக்கும் 60 சென்டிமீட்டர் வீதம் கிடைக்கும், ஒருவர் தாராளமாக நடக்கலாம். உங்கள் மேசையை மூலைக்குத் தள்ளி, கடைசி பெஞ்சுகளுக்குப் பின்னால் ஓராள் நடக்கும் இடம் விட்டுவிட்டால், ஒரு சந்தில் போய்ப் பின்னால் சுற்றி மறு சந்தில் வரலாம். திரும்பி வந்த வழியே வர வேண்டிய சந்தில் ஆசிரியர்கள் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். சுற்றுப்பாதையாக இருந்தால் கடைசி பெஞ்சு தானாகவே வழியில் வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது புத்தகப்பை. சந்தில் ஒரு பை கிடந்தால் போதும், அந்தச் சந்து அன்றைக்கு மூடப்பட்டுவிட்டது. பைகள் பெஞ்சின் அடியில்தான், வாரை உள்ளே மடக்கி வைக்க வேண்டும் என்பதை முதல் மூன்று கணக்குகளோடு சேர்த்து அன்றாட வழக்கமாக்குங்கள்.

அமைதிக்கான சைகை பெரும்பாலான வகுப்புகளில் இருக்கிறது. ஆனாலும் பயன்படுவதில்லை, காரணம், அது அறிவிக்கப்படுகிறது, கற்றுக்கொடுக்கப்படுவதில்லை. கையை உயர்த்துவது, இரண்டு முறை கைதட்டுவது, எதுவானாலும் சரி. சத்தம் தராத சைகையையே நான் விரும்புவேன். அதற்கு என்ன பொருள் என்பதைப் பிள்ளைகளால் செய்து காட்டக்கூடிய அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும்: வாய் மூடியிருக்க வேண்டும், கையில் பேனா இருக்கக் கூடாது, கண் ஆசிரியரைப் பார்க்க வேண்டும். பேனாவைக் கீழே வைப்பதுதான் இதில் முக்கியம். எழுதிக்கொண்டிருப்பவர் தான் அமைதியாக இருப்பதாகவே நினைப்பார், ஆனால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். முதல் நாள் இதை ஐந்து முறை பழக்குங்கள்: பேசச் சொல்லுங்கள், கையை உயர்த்துங்கள், எத்தனை வினாடி ஆயிற்று என்று பலகையின் ஓரத்தில் எழுதுங்கள், மறுபடி பேசச் சொல்லுங்கள்.

பழக்கியபின் வரும் சோதனை ஒன்றுதான். கையை உயர்த்தியாயிற்று, முப்பத்தைந்து பேர் அமைதியாகிவிட்டார்கள், ஐந்து பேர் இன்னும் முடிக்கவில்லை. நேரம் ஓடுகிறது என்று பேசத் தொடங்கிவிடத் தோன்றும். தொடங்காதீர்கள். தொடங்கினால் அந்த ஐந்து பேரும் சைகை தங்களுக்கு இல்லை என்று கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் அவர்கள் பத்துப் பேராவார்கள். “நான் காத்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்வதும் வேண்டாம், அதுவும் பேச்சுதான். கையை உயர்த்தியபடியே அந்த ஐந்து பேரில் அருகில் இருப்பவரை நோக்கி இரண்டடி நடந்தால் போதும். என் சக ஆசிரியைக்கு முதல் நாள் 50 வினாடிக்கு மேல் ஆனது. அவர் கை வலித்ததை நான் பார்த்தேன். மூன்றாவது வாரத்தில் எட்டு வினாடிக்குள் வந்தது. அமைதி கிடைத்ததும் இரண்டே வாக்கியம் பேசிவிட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். சைகை காட்டி அமைதியாக்கிவிட்டு, அதன்பின் ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னால், அடுத்த முறை அந்தக் கை உயரும்போது யாருக்கும் திரும்பிப் பார்க்க மனம் வராது. ஒரு பாடவேளையில் நான்கைந்து முறைக்கு மேல் சைகை தேவைப்பட்டால் குறை சைகையில் இல்லை. வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி கேட்கும் முறையிலும் ஒரு சத்தம் ஒளிந்திருக்கிறது. “மூன்றில் இரண்டு பங்கு என்றால் எத்தனை, சொல்லுங்கள்?” என்று நாற்பது பேரையும் பார்த்துக் கேட்டால் பன்னிரண்டு பேர் கத்துவார்கள், அது அவர்கள் தவறில்லை, நாம் கேட்டதற்கு அவர்கள் தந்த பதில். கேள்வியை முதலில் சொல்லிவிட்டு, மூன்று வினாடி பொறுத்து, அதன்பின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் விடுதலை கிடைத்துவிடும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் வழக்கமாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்றாக்கினால் பதில்களின் நீளமும் தரமும் கூடுகின்றன என்று மேரி பட் ரோவ் 1970களில் கண்டறிந்தார். இன்னும் எளிய வழியும் உண்டு: பலகையில் நான்கு விடைகளை எண்ணிட்டு எழுதி, சரியான விடையின் எண்ணை விரலால் நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். நாற்பது விடைகள், சத்தமே இல்லை. யாருக்குப் புரியவில்லை என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

பேசிக் கற்க வேண்டிய வேலைக்கு வருவோம். இங்கேதான் நல்ல ஆசிரியர்களே இடறுகிறார்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும் இருவர் வேலையைவிட, பத்துப் பேர் மட்டுமே பேசும் நால்வர் குழு அமைதியாக இருக்கும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றும். நெருக்கமான அறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பேசும் குரல்கள் இருபதிலிருந்து பத்தாகக் குறைந்தால் மொத்த ஒலி 3 டெசிபல்தான் குறையும். ஆனால் தொலைவைப் பாருங்கள். ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் வாய்க்கும் மற்றவர் காதுக்கும் இடையில் 40 அல்லது 50 சென்டிமீட்டர். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்து நால்வராகும்போது, குறுக்காக இருக்கும் இருவருக்கிடையே ஒன்றரை மீட்டர்வரை ஆகிவிடும். தொலைவு இரட்டிப்பானால் காதுக்கு வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மூன்று மடங்கானால் 9 அல்லது 10. அந்தக் குறைவை ஈடுகட்ட ஒவ்வொருவரும் அந்த அளவு குரலை உயர்த்தியாக வேண்டும். 10 டெசிபல் கூடுதல் என்பது நம் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். மூன்றைச் சேமித்துப் பத்தைச் செலவழிக்கிறோம். அதன்மேல் லொம்பார் சொன்ன ஏணி வேறு. என் சக ஆசிரியையின் வகுப்பில் மிக அதிகப் புள்ளிகள் விழுந்தது குழு வேலையில்தான் என்பதற்கு இதுவே காரணம். பிள்ளைகள் அப்போது பெரும்பாலும் கணக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இந்த அறையில் பேச்சு வேலை எப்போதும் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும். நேரம் குறுகியதாக, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாததாக இருக்கட்டும். பேச வேண்டியதும் ஒரு முடிவுள்ள கேள்வியாக இருக்கட்டும். “பின்னங்களைப் பற்றிக் கலந்து பேசுங்கள்” என்றால் அரை நிமிடத்தில் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். “இந்த இரண்டு பின்னங்களில் எது பெரியது, அதற்கு ஒரு காரணம்” என்றால் நிற்பார்கள். குரலின் அளவையும் பழக்க வேண்டும். “மெதுவாகப் பேசுங்கள்” என்பது அளவு ஆகாது. இருவர் பேசுவது முன் பெஞ்சில் இருப்பவருக்குச் சொல் சொல்லாகப் புரியக் கூடாது என்பதே அளவு. இதை முன்னால் இருக்கும் பிள்ளைகளிடமே கேட்டுச் சோதிக்கலாம். ஒரு முறை இரு பிள்ளைகளைப் பேசச் சொல்லி, முன் பெஞ்சுக்காரர்களை “என்ன கேட்டது?” என்று கேளுங்கள். அவர்கள் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னால் குரல் அதிகம். “ஏதோ எண்கள் கேட்டன” என்றால் சரி.

தனியாகக் கணக்குப் போடும் நேரத்தில் எழும் சத்தத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு: முடித்தவர்கள், முடியாதவர்கள். முடித்தவர்களுக்கு அடுத்து என்ன என்பது வேலை தொடங்குவதற்கு முன்பே பலகையில் இருக்க வேண்டும். அதே வகையில் இன்னும் ஐந்து கணக்கு என்றால் அது தண்டனை போலத் தோன்றும், அதனால் தானே ஒரு கணக்கை உருவாக்கி விடையோடு எழுதுவது போன்ற வேறு வேலையாக இருப்பது நல்லது. முடியாதவர்கள் “டீச்சர்” என்று அழைப்பதற்குப் பதிலாகப் புத்தகத்தை நிமிர்த்தி நிறுத்தி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகட்டும். சுற்றுப்பாதையில் வரும் உங்களுக்கு நிமிர்ந்த புத்தகங்கள் தெரியும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் நின்றால், சைகை காட்டி நிறுத்தி அந்தக் கணக்கை மறுபடி விளக்குங்கள். அன்றைய சத்தம் ஒழுங்கைப் பற்றியதல்ல, பாடத்தைப் பற்றியது.

இவ்வளவும் அமைந்தபின்னும் நான்கைந்து பேர் மிஞ்சுவார்கள். அவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. 1968இல் மேட்சனும் பெக்கரும் அவர்களுடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள்: எழுந்து திரியும் பிள்ளைகளிடம் “உட்கார்” என்று ஆசிரியர் சொல்வதை அதிகமாக்கியபோது, எழுந்து திரிவதும் அதிகமானது, உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டியபோது குறைந்தது. 1970இல் ஓலேரியும் உடன் ஆய்வாளர்களும், வகுப்பு முழுவதும் கேட்கும்படி கண்டிப்பதைவிட அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி கண்டித்தபோது இடையூறு பெரும்பாலும் குறைந்ததைக் கண்டார்கள். உங்கள் அறையில் இதைச் செய்யும் முறை இப்படி இருக்கலாம்: சுற்றிவரும் வழியில் நிற்காமலே அந்தப் பெஞ்சருகே குனிந்து, நோட்டில் ஒரு வரியைத் தொட்டு, “இரண்டாவது கணக்கு வரைக்கும் முடி, திரும்ப வந்து பார்க்கிறேன்” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது போட்டியாக மாறும், சுற்றியுள்ளவர்கள் பார்வையாளர்களாவார்கள். சொன்னபடி திரும்பி வந்து பார்ப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கோ சுவரோரத்துக்கோ அனுப்பாமல், சந்தை ஒட்டிய இருக்கைகளில், ஒருவரையொருவர் நேராகப் பார்க்க முடியாதபடி பிரித்து அமர்த்துங்கள்.

பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவனைக் கொண்டு பலகையில் எழுத வைப்பதை விட்டுவிடும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். எழுதும் பிள்ளைக்கு அன்றைய பாடம் போய்விடுகிறது, நண்பர்களும் போய்விடுகிறார்கள், “என் பேரை ஏன் எழுதின?” என்ற தகராறு புதிய சத்தமாக முளைக்கிறது. ஐந்து பேர் பேசியதற்கு நாற்பது பேரையும் இடைவேளையில் நிறுத்திவைப்பதும் அப்படியே. அமைதியாக இருந்த முப்பத்தைந்து பேருக்கு அதற்குப்பின் அமைதியாக இருக்கக் காரணம் எதுவும் மிஞ்சாது.

அறையின் எதிரொலியைப் பற்றி ஒரு சொல். 1895இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று இரவிரவாக அளந்தார். மெத்தை கூடக்கூட ஒலி விரைவாக அடங்கியது. நமக்கு மெத்தை கிடைக்காது. ஆனால் மடிப்புள்ள கனமான திரைத்துணி, பின்சுவரில் துணி போர்த்திய தடித்த அறிவிப்புப் பலகை ஆகியவை ஓரளவு உதவும். மெல்லிய காகிதப் படங்களை ஒட்டுவதாலோ முட்டை அட்டைகளைத் தொங்கவிடுவதாலோ சொல்லத்தக்க பயன் இல்லை. பெஞ்சுக் கால்களின் அடியில் ரப்பர்த் துண்டு ஒட்டுவது செலவில்லாதது, உடனே தெரியக்கூடியது. இருபது பெஞ்சுகள் தரையில் இழுபடும் சத்தம் நின்றால் அறையின் தன்மையே மாறும்.

காது சற்று மந்தமான பிள்ளையோ, பாடமொழி வீட்டுமொழியாக இல்லாத பிள்ளையோ இருந்தால் அவரை நடு வரிசையின் முதலிரண்டு பெஞ்சுகளில், உங்கள் முகம் தெரியும்படி அமர்த்துங்கள். மற்றவர்கள் இரைச்சலில் தவறிய சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள், இவர்களால் முடியாது. பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. இவர்கள் இருக்கும் வகுப்பில் எழுதி முடித்துத் திரும்பியபின் பேசுங்கள்.

எந்த வரிசையில் தொடங்குவது என்றால், முதல் வாரம் பெஞ்சுகளை நகர்த்தி நிலையான இருக்கை தந்து சைகையைப் பழக்குங்கள். இரண்டாவது வாரம் பலகைக் கணக்கும் நோட்டு அடுக்கும். மூன்றாவது வாரம்தான் இருவர் பேச்சு. முன்னேற்றத்தை மனநிலையால் அளக்காமல், சைகைக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட வினாடிகளால் அளந்து நோட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் அந்த எண் மீண்டும் முப்பது நாற்பதுக்கு ஏறியிருக்கும். அப்போது கோபப்படாமல் முதல் நாள் செய்த ஐந்து முறைப் பயிற்சியை மறுபடி செய்யுங்கள், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.